ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணிக்கு என்ன செலவு? மோட்டார், மருந்து, குழாய்... தனித்தனியா ஒரு கணக்கு!

கொங்கு நாட்டு வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர். குடிக்க, சமைக்க 'நல்ல தண்ணி'. துவைக்க, கழுவ 'உப்புத் தண்ணி'. நல்ல தண்ணி ஆற்றிலிருந்து வரும், உப்புத் தண்ணி ஊர்ப் போரிலிருந்து வரும். ருசியில் உள்ள வித்தியாசம் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரண்டையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர ஆயிரம் லிட்டருக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

பல ஊராட்சி அலுவலகங்களிலும் இந்த எண் கையில் இருப்பதில்லை. காரணம், கணக்கு எழுதும் முறை. தமிழக ஊராட்சிகளில் மின்கட்டணமும், குடிநீர் வடிகால் வாரியத்துக்கான கட்டணமும் கட்டுவதற்கென்றே 'கணக்கு எண் 2' என்று தனி வங்கிக் கணக்கு நெடுங்காலமாக இருந்துவருகிறது. பிளீச்சிங் பவுடர் வாங்கும் பணமும், உடைந்த குழாயைச் சரிசெய்யும் பணமும் பொதுநிதியிலிருந்து போகும். புதுத் தொட்டி, புது பைப் லைன் எல்லாம் திட்ட நிதியில் வரும். ஒரே தண்ணீருக்கான செலவு மூன்று பைகளிலிருந்து போவதால், மொத்தம் என்ன என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. தண்ணீரை மேலே ஏற்றும் செலவு, சுத்தம் செய்யும் செலவு, வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் செலவு என்று பிரித்தும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்குபவை. பிரிக்காமல் வைத்திருந்தால் நோய் ஓர் இடத்தில் இருக்கும், வைத்தியம் வேறு இடத்தில் நடக்கும்.

ஓடந்துறை செய்த வேலை

இந்தக் கணக்கில் ஒரு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு பெயர் வாங்கிய ஊர், மேட்டுப்பாளையத்தை ஒட்டியுள்ள ஓடந்துறை ஊராட்சி. பவானிக் கரை ஊர். 1996-ல் ஆர். சண்முகம் தலைவராக வந்தபோது, ஊராட்சியின் மின்கட்டணம் மாதம் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. புதுக் குடிநீர்த் திட்டம், புது வீடுகள், கூடுதல் தெருவிளக்குகள் எல்லாம் வந்தபின் அது 50,000 ரூபாயைத் தொட்டது என்று அந்த ஊரைப் பற்றி வந்த செய்திகள் சொல்கின்றன.

தண்ணீரைக் குறைத்துக் கொடுத்து பில்லைக் குறைக்கலாம். ஊராட்சி அந்த வழிக்குப் போகவில்லை, மின்சாரத்தின் விலையைக் குறைக்கப் பார்த்தது. 2003-ல் மரக்கழிவை எரித்து எரிவாயு எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரத்தை வைத்து, குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். யூனிட்டுக்கு 1.75 ரூபாயாக இருந்த செலவு 70 காசாக இறங்கியதாகக் கணக்குச் சொன்னார்கள்.

அடுத்து 2006-ல் பெரிய அடி. 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை, உடுமலைப் பக்கம் மைவாடியில் ஊராட்சியே வாங்கியது. சேமிப்பிலிருந்து 40 லட்சம், வங்கிக் கடன் 1.15 கோடி. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. காற்றாலை மின்சாரம் இலவசம் என்று சொல்லிவிட முடியாது. 1.55 கோடியை, ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் வீதம் 20 ஆண்டுக்குப் பங்குபோட்டால், யூனிட்டுக்கு 1.15 ரூபாய் முதலீட்டுச் செலவு மட்டும் விழுகிறது. கடன் வட்டியும் பராமரிப்பும் அதற்கு மேல். இவ்வளவையும் சேர்த்த பிறகும் மின்வாரிய விலையைவிடக் குறைவாக இருந்தால்தான் லாபம். பவானியிலிருந்து ஆயிரம் லிட்டரை ஏற்றத் தேவைப்படும் யூனிட்டின் எண்ணிக்கையைக் காற்றாலை ஒரு துளியும் குறைக்காது. அது குறைப்பது யூனிட்டின் விலையை மட்டும்தான். எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை உயரம், மோட்டார், குழாய் ஆகிய மூன்றும்.

ஒரு யூனிட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறும்?

ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதை 100 மீட்டர் உயரம் தூக்க, இயற்கை விதிப்படி 0.27 யூனிட் மின்சாரம் கட்டாயம் வேண்டும். எந்தக் கம்பெனி மோட்டாராலும் இதைவிடக் குறைக்க முடியாது. எந்த மோட்டாரும் பம்பும் வாங்கும் மின்சாரத்தை முழுவதும் தூக்கும் வேலையாக மாற்றுவதும் இல்லை. ஊர் மோட்டார்களில் பாதி மாறினாலே ஓரளவு நல்ல நிலை. அப்படிப் பார்த்தால் 100 மீட்டருக்கு 0.54 யூனிட்.

'உயரம்' என்றால் மேல்நிலைத் தொட்டியின் உயரம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஆற்று மட்டத்திலிருந்து தொட்டியின் வாய்வரை உள்ள ஏற்றம் ஒன்று. போகும் வழியில் குழாயின் உள்சுவரில் தண்ணீர் உரசுவதால் வரும் தடை இன்னொன்று. குழாயின் உள்விட்டத்தைப் பாதியாக்கி, அதே அளவு தண்ணீரைத் தள்ளினால் இந்தத் தடை சுமார் 32 மடங்காகும். உப்புத் தண்ணி ஓடும் பழைய இரும்புக் குழாயில் உப்புப் படிந்து துளை சுருங்கும்போது நடப்பது இதுதான். கரன்ட் பில்லில் ஏறும் தொகைக்குக் காரணம் சில சமயம் மோட்டாரில் இருக்காது, குழாய்க்குள் இருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துக் கொங்கு நாட்டைப் பார்த்தால் ஒரு படம் தெளிவாகும். கோவைக்கு வரும் சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து தானாகவே சரிவில் இறங்கி வருவது. அதனால் ஏற்றும் செலவு மிகக் குறைவு. பவானிக் கரை ஊர்கள் ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். ஆறே இல்லாத மேட்டுக்காட்டு ஊரில் 600 அடியிலிருந்து போர் தண்ணீரை எடுத்தால், மோட்டாரின் திறன் 40 சதவிகிதம் என்று வைத்தாலும், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் ஒண்ணேகால் யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்றால் ஏற்றும் செலவு மட்டும் 10 ரூபாய். ருசியில் மட்டமான உப்புத் தண்ணி, ஆற்றுத் தண்ணியைவிட மின்சாரத்தை அதிகமாகக் குடிக்கும் சங்கதி இது.

ஒரு மாதிரி ஊரின் மாதக் கணக்கு

இப்போது கணக்குக்காக ஒரு மாதிரி ஊரை எடுத்துக்கொள்வோம். 1,500 வீடுகள், 6,000 பேர். ஆற்றிலிருந்து எடுத்து, வடிகட்டி, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, குழாயில் விடுகிறார்கள். மொத்த ஏற்றம் உரசல் தடையும் சேர்த்து 75 மீட்டர். மாதம் எடுப்பது 120 லட்சம் லிட்டர். வீடுகளுக்குப் போய்ச் சேருவது 90 லட்சம் லிட்டர். மீதி 30 லட்சம் லிட்டர் வழியில் காணாமல் போகிறது. வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் 55 லிட்டரைவிடக் கொஞ்சம் குறைவு.

முதலில் ஏற்றும் செலவு. 75 மீட்டருக்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 0.4 யூனிட். மாதம் 4,800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 38,400 ரூபாய். மோட்டார் காயில் கட்டுவது, பேனல் போர்டு, ஸ்டார்ட்டர் ரிப்பேர் எல்லாவற்றையும் ஆண்டுக்குக் கூட்டி 12-ஆல் வகுத்தால் மாதம் 6,600. பம்ப் ஹவுஸில் இருப்பவர் சம்பளம் 9,000. ஆக 54,000 ரூபாய்.

அடுத்து சுத்தம் செய்யும் செலவு. கலங்கலைக் கீழே படியவைக்கப் படிகாரம், ஆயிரம் லிட்டருக்கு 25 கிராம் வீதம் மாதம் 300 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றால் 6,000. கிருமிக்கு பிளீச்சிங் பவுடர், தமிழக ஊராட்சிகளில் வழக்கமான அளவான ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் 48 கிலோ. கிலோ 40 என்றால் ஏறக்குறைய 2,000. மணல் வடிகட்டியைத் திருப்பிவிட்டுக் கழுவுவது, தண்ணீர்ப் பரிசோதனை 4,000. ஆள் கூலி 6,000. ஆக 18,000 ரூபாய்.

மூன்றாவது கொண்டுசேர்க்கும் செலவு. தெருத்தெருவாக கேட் வால்வு திறந்து மூடும் இரண்டு டேங்க் ஆபரேட்டர்களுக்கு 18,000. குழாய் உடைப்பு, ஜாயின்ட், குழி தோண்டும் கூலி 12,000. மாதம் இருமுறை தொட்டி கழுவ 3,000. வசூல், ரசீது, மீட்டர் வேலை 3,000. ஆக 36,000 ரூபாய்.

மொத்தம் 1,08,000 ரூபாய். இதை எதால் வகுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எடுத்த தண்ணீரால் வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 9 ரூபாய். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த தண்ணீரால் வகுத்தால் 12 ரூபாய். மக்களுக்குக் கிடைத்தது 90 லட்சம் லிட்டர்தான் என்பதால் 12 ரூபாய் என்பதே உண்மையான விலை. அதில் ஏற்றுவதற்கு 6, சுத்தம் செய்ய 2, கொண்டுசேர்க்க 4.

ஒரு வீட்டுக்கு மாதம் 72 ரூபாய் ஆகிறது. ஊராட்சி 50 ரூபாய் வசூலித்தால் வீட்டுக்கு 22 ரூபாய் வேறு பையிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கில் வராத இன்னொரு 5 ரூபாய்

மேலே சொன்னது தினசரி ஓட்டச் செலவு. தொட்டி, குழாய், பம்ப் ஹவுஸ் கட்டிய பணம் அதில் இல்லை. மாதிரி ஊரில் எல்லாம் சேர்த்து 1.62 கோடி ரூபாய், 30 ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 5.4 லட்சம். ஆண்டில் கொடுக்கும் தண்ணீருக்குப் பங்குபோட்டால் ஆயிரம் லிட்டருக்கு 5 ரூபாய். ஓட்டச் செலவில் முதலிடம் ஏற்றும் மின்சாரத்துக்கு. முதலீட்டுச் செலவில் பெரும்பாலும் முதலிடம் மண்ணுக்குள் புதைந்திருக்கும் குழாய்க்கு.

திட்ட நிதியில் வந்ததால் இந்த 5 ரூபாயை ஊராட்சி உணர்வதில்லை. குழாயின் ஆயுள் முடியும்போதுதான் உணர்கிறது. மாற்றுவதற்குப் பணம் சேர்த்திருக்காது. அடுத்த திட்டம் வரும்வரை ஒட்டுப்போட்டு ஓட்டும். அந்த ஒட்டு ஒவ்வொன்றும் கொண்டுசேர்க்கும் செலவில் மாதாமாதம் ஏறும்.

கசிவு யார் கணக்கில் ஏறுகிறது?

மாதிரி ஊரில் வழியில் போன 30 லட்சம் லிட்டருக்கு என்ன நஷ்டம்? ஆயிரம் லிட்டர் 12 ரூபாய் என்பதால் 36,000 ரூபாய் என்று பெருக்கிவிடக் கூடாது. கசிவை அடைத்தால் டேங்க் ஆபரேட்டர் சம்பளம் குறையாது, தொட்டி கழுவும் கூலியும் குறையாது. குறைவது மின்சாரமும் மருந்தும் மட்டும்தான். ஆயிரம் லிட்டருக்கு மின்சாரம் 3.20 ரூபாய், படிகாரமும் பிளீச்சிங்கும் சேர்ந்து 67 காசு. ஆக 3.87 ரூபாய். 30 லட்சம் லிட்டருக்கு மாதம் சுமார் 11,600 ரூபாய்.

கசிவு நடப்பது தெருக் குழாயில். நஷ்டம் தெரிவது கரன்ட் பில்லில். அதைச் சரிசெய்யும் பணம் போக வேண்டியது பொதுநிதியிலிருந்து. கசிவு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குழாயைச் சரிசெய்பவரின் கணக்கில் செலவு ஏறும், மிச்சமாகும் பணம் வேறு கணக்கில் மிச்சமாகும்.

இதே ஊர் கசிவை 25 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைத்தால், அதே 90 லட்சம் லிட்டரைக் கொடுக்க 100 லட்சம் லிட்டர் எடுத்தால் போதும். மாதம் சுமார் 7,700 ரூபாய் மிச்சம். அதாவது கசிவு பிடிக்க மாதம் 7,700 ரூபாய்வரை கூடுதலாகச் செலவழித்தாலும் ஊராட்சிக்குக் கையைக் கடிக்காது. அதற்கு மேல் செலவானால், பண லாபத்துக்காகச் செய்ததாகச் சொல்ல முடியாது. கோடையில் ஆறு வற்றும்போது தண்ணீர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கை வைத்தால் எவ்வளவு?

மூன்றாகப் பிரித்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. ஓடந்துறை மாதிரி மின்சாரத்தின் விலையைப் பாதியாக்க முடிந்தால், மாதிரி ஊரில் மாதம் 19,200 ரூபாய் மிச்சம். இதுதான் பெரிய தொகை, ஆனால் முதலீடும் பெரியது. தேய்ந்த பம்பை மாற்றி, திறனை 50-லிருந்து 60 சதவிகிதமாக்கினால் 38,400 ரூபாய் பில் 32,000 ஆகும். மாதம் 6,400 மிச்சம், முதலீடு மிகச் சிறியது. கசிவைக் குறைத்தால் 7,700.

மருந்தில் கை வைத்தால்? படிகாரத்தையும் பிளீச்சிங் பவுடரையும் பாதியாக்கினால் மாதம் 4,000 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 44 காசு. இந்தக் காசுக்காகக் குழாய்க் கடைசி வீட்டில் குளோரின் இல்லாமல் போனால், வயிற்றுப்போக்கு வரும். இந்தியத் தர நிர்ணயப்படி, குளோரின் போடும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாய் முனையில் மிஞ்சியிருக்க வேண்டும். இருப்பதிலேயே மலிவான பகுதி இதுதான். இதில் சிக்கனம் பார்ப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மருந்துச் செலவு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் அது நல்ல செய்தியும் இல்லை. மழைக்காலத்தில் பவானி செம்மண் நிறத்தில் ஓடும்போது படிகாரம் கூடுதலாகத் தேவைப்படும். அந்த மாதங்களிலும் பில் ஏறவே இல்லை என்றால், தண்ணீரைப் பார்க்காமல் பழைய அளவையே கொட்டுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். கலங்கல் அதிகமுள்ள தண்ணீரில் பிளீச்சிங்கும் சரியாக வேலை செய்யாது.

மலிவு மின்சாரத்துக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. யூனிட் 4 ரூபாய் ஆகிவிட்டால், வீணாகும் ஆயிரம் லிட்டரின் நஷ்டம் 3.87-லிருந்து 2.27 ரூபாயாக இறங்கும். கசிவு வலிக்காது. வலிக்காததால் அடைக்கவும் மாட்டார்கள். காற்றாலையோ சோலாரோ வைக்கும் ஊர், அதற்கு முன்பே குழாயையும் பம்பையும் சரிசெய்துவிட்டால், குறைந்த யூனிட்டுக்குச் சின்ன ஆலையே போதும்.

மீட்டர் இல்லாத ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தனை கணக்குக்கும் இரண்டே எண்கள்தான் அடிப்படை. எவ்வளவு ஏற்றுகிறோம், எவ்வளவு போய்ச் சேருகிறது. பம்ப் ஹவுஸில் தண்ணீர் மீட்டர் இருந்தால் சுலபம். பல ஊர்களில் இருக்காது. இருந்தாலும் ஓடாது. அப்போதும் வழி இருக்கிறது.

ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி காலியாக இருக்கும்போது, ஊருக்குத் தண்ணீர் விடும் வால்வை இறுக்கி மூட வேண்டும். மின்மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போட வேண்டும். தொட்டி நிரம்பியதும் மீண்டும் மீட்டரைப் பார்க்க வேண்டும். 40 யூனிட் ஓடியிருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 0.4 யூனிட். இதை மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் எழுதி வைத்தால் போதும். 40 என்பது 48 ஆனால் எங்கோ கோளாறு.

கோளாறு எது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். கோடையில் ஏறி மழைக்குப் பின் இறங்கினால், ஆற்று மட்டமோ போர் மட்டமோ கீழே போனதுதான் காரணம். அது இயற்கை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தால், பம்பின் உள்ளே இம்பெல்லர் தேய்கிறது அல்லது குழாயில் உப்புப் படிகிறது. ஒரே மாதத்தில் திடீரென்று குதித்தால், பம்ப் ஹவுஸுக்கும் தொட்டிக்கும் நடுவே உடைப்பு, அல்லது யாரோ அந்த லைனிலேயே இணைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும்.

அடுத்தது போய்ச் சேரும் அளவு. ஒரு தொட்டியிலிருந்து 200 வீடுகளுக்குத் தண்ணீர் விடும் நாளில், தொட்டியில் எத்தனை லிட்டர் இறங்கியது என்று அளவுகோலில் பார்க்க வேண்டும். மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, கடைசித் தெரு என்று கலந்து 10, 15 வீடுகளில் அன்று பிடித்த குடங்களை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். தொட்டியில் 50,000 லிட்டர் இறங்கி, வீட்டுக்குச் சராசரி 200 லிட்டர் என்றால் சேர்ந்தது 40,000. மீதி 10,000 லிட்டர் கசிவு, அல்லது மூடாத தெருக்குழாய், அல்லது சட்டவிரோத மோட்டார். இது துல்லியமான அளவு இல்லை. ஆனால் 10 சதவிகிதமா, 30 சதவிகிதமா என்று சொல்ல இது போதும்.

வகுக்கும் எண் சுருங்கினால்...

இன்னொரு ஆபத்தைத் திருப்பூர் காட்டியிருக்கிறது. பவானியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும்படி கட்டப்பட்ட பெரிய திட்டம் அது. சாய ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் கொடுக்கும், வீடுகளுக்கு 5 ரூபாய் அளவில் போகும் என்பது தொடக்கக் கணக்கு. ஒரே ஆறு, ஒரே குழாய், ஆனால் விலை வேறு வேறு. வசூலிக்கும் விலை என்பது முடிவெடுத்து வைப்பது. செலவு அப்படி வைத்து வருவதல்ல. 2011-ல் சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, அதிக விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். தண்ணீர் குறைவாக ஓடினாலும் குழாய்க்கு வாங்கிய கடன் குறையாது.

சின்ன ஊராட்சியிலும் இதே விதிதான். மாதிரி ஊரில் மின்சாரமும் மருந்தும் சேர்ந்து 46,400 ரூபாய் மட்டுமே தண்ணீரின் அளவோடு ஏறி இறங்கும். மீதி 61,600 ரூபாய் ஒரு சொட்டு கொடுக்காவிட்டாலும் ஆகும். கோடையில் ஆறு வற்றிப் பாதித் தண்ணீர்தான் கொடுக்க முடிகிறது என்றால், மொத்தச் செலவு பாதியாகாது. அது 84,800 ரூபாயில் நிற்கும். 45 லட்சம் லிட்டரால் வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு 12 ரூபாய் என்பது ஏறக்குறைய 19 ரூபாயாகிவிடும். தண்ணீர் குறைந்த மாதத்தில்தான் தண்ணீரின் விலை அதிகம்.

கிராமசபைக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்க ஊர் வாக்காளர்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு. 'குடிநீருக்கு எவ்வளவு செலவு?' என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமான பதில்தான் வரும். கேள்வியை மூன்றாக்கிக் கேட்கலாம். ஆயிரம் லிட்டரை ஏற்ற எத்தனை யூனிட் ஆனது? மழை மாதத்தில் எத்தனை கிலோ படிகாரம் போட்டோம்? தொட்டியிலிருந்து இறங்கியதில் எவ்வளவு வீடு போய்ச் சேர்ந்தது? இந்த மூன்று எண்களும் மினிட் புத்தகத்தில் ஏறிவிட்டால், அடுத்த ஆண்டு செலவு ஏறும்போது அது மோட்டாரிலா, மருந்திலா, குழாயிலா என்று ஊரே சொல்லிவிடும்.